ஆறு வாரம், நூறு மணி நேரம்

குரூப் 4 தேர்வு நெருங்க நெருங்க, பயிற்சி மையங்களுக்கு ஒரே மாதிரியான மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "சார், நான் வேலைக்குப் போகிறேன். படிக்க நேரமே கிடைப்பதில்லை. கடைசி ஆறு வாரத்துக்கு ஒரு ஷெட்யூல் அனுப்புங்கள்." அவ்வளவுதான் கடிதம். எழுதியவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எதில் தேறியிருக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்று மையத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் எல்லாருக்கும் அனுப்புகிற அதே பி.டி.எஃப். இவருக்கும் போகும். முதல் நாள் ஆறாம் வகுப்பு வரலாறு, இரண்டாம் நாள் ஏழாம் வகுப்பு வரலாறு என்று நீளும் அந்த அட்டவணை, வீட்டிலிருந்து நாளுக்கு எட்டு மணி நேரம் படிப்பவரை மனத்தில் வைத்துப் போட்டது. வேலைக்குப் போகிறவர் மூன்றாம் நாளே பின்தங்கிவிடுவார். ஒரு வாரம் போனால் அதைத் திறந்து பார்க்கவே மனம் வராது.

வார இறுதி வகுப்புகளில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதினால் வருகிற பதிலும் வேறு மாதிரி இருக்கும். எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர், கல்யாணமானவர், தன் பயிற்சி மையத்துக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பொருள்: குரூப் 4, கடைசி ஆறு வாரத் திட்டம் கேட்டு. மாதிரித் தேர்வு விடைத்தாள் இணைத்துள்ளேன்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் உங்கள் மையத்தின் ஞாயிறு டெஸ்ட் பேட்ச்சில் இருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டேன். இரண்டாவது முறை பாதியில் நிற்கிறது.

காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம் போடும் நாள், இன்னும் தாமதமாகும். திங்கள் முதல் சனி வரை காலையில் ஒன்றரை மணி நேரம் உறுதியாகப் படிப்பேன். திங்கள் முதல் வியாழன் வரை இரவில் முக்கால் மணி நேரம் உட்கார முடியும். ஆனால் அந்த நேரத்தில் புதிதாக எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. ஞாயிறு 6 மணி நேரம். ஆக வாரத்துக்கு 18 மணி நேரம். நடுவில் தங்கைக்கு வளைகாப்பு வருகிறது. அதைக் கழித்தால் ஆறு வாரத்துக்கு மொத்தம் 100 மணி நேரம்.

போன ஞாயிறு எழுதிய முழு மாதிரித் தேர்வில் 200-க்கு 132 கேள்விகள் சரி. தமிழ் 78, பொது அறிவு 41, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 13. தவறிய 68 கேள்விகளையும் திரும்பப் பார்த்தேன். 29 கேள்விகளுக்கு விடையே தெரியாது. 27 கேள்விகளில் இரண்டு விடைகளுக்கு இடையே குழம்பி மாற்றிப் போட்டேன். 12 கேள்விகள் அவசரத்தில் போனவை. பாடவாரியான விவரம் இணைப்பில் உள்ளது.

மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள் ஐயா. இந்த 100 மணி நேரத்தில் எதை விட்டுவிடலாம்? எதை முதலில் எடுக்க வேண்டும்? இன்னும் எத்தனை முழுத் தேர்வு எழுத வேண்டும்? வரும் சனிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் ஞாயிறே தொடங்கிவிடுவேன்."

இந்தக் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்துவது நேரக் கணக்குதான். பேருந்தில் போகும் நேரத்தை அவர் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு. நின்றுகொண்டு போகிற பயணத்தில் எப்போதாவது நாலு வரி படிக்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. இரவு நேரத்தில் புதிதாக ஏறாது என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இதெல்லாம் தெரிந்தால்தான் திட்டம் போடுகிறவர் கடினமான பாடத்தைக் காலையிலும், ஏற்கெனவே படித்ததைத் திருப்புவதை இரவிலும் வைக்க முடியும். "தினமும் நாலு மணி நேரம் படிப்பேன் சார்" என்று ஆசையை எழுதினால், ஆசைக்கு ஏற்ற திட்டம்தான் வரும்.

அடுத்தது மதிப்பெண். குரூப் 4 வினாத்தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் 100 கேள்விகள் தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. இதில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் வாங்காவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 60 மதிப்பெண் என்றால் 40 கேள்விகள். நம்மவர் 78 எடுத்திருக்கிறார், அந்தக் கவலை இல்லை. இதுவே 42, 43 என்று வருகிறவராக இருந்தால் கீழே சொல்லப்போகும் திட்டம் அவருக்குப் பொருந்தாது. அவருடைய நேரத்தில் பாதிக்கு மேல் தமிழுக்கே போக வேண்டும்.

78 எடுத்தவருக்கும் தமிழையே திரும்பப் படிக்கத்தான் கை போகும். 100 கேள்வியாயிற்றே, இன்னும் 22 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் பாடவாரியான விவரம் உதவுகிறது. அந்த 22 கேள்விகளும் ஏழு அலகுகளில் சிதறிக் கிடக்கின்றன. இலக்கணத்தில் 5, கலைச்சொற்களில் 4, இலக்கியமும் தமிழறிஞர்களும் பகுதியில் 4, மற்றவற்றில் ஒன்றும் இரண்டும் மூன்றுமாக. அதில் நாலைந்தைக் கூட்டுவதற்கே நிறைய மணி நேரம் செலவாகும்.

பொது அறிவில் நிலைமை வேறு. 75 கேள்விகளில் 20 இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும், இன்னொரு 20 தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள். நம்மவர் இரண்டிலும் ஒன்பது ஒன்பதுதான் எடுத்திருக்கிறார். ஆக இந்த இரண்டு அலகில் மட்டும் 22 கேள்விகள் போயிருக்கின்றன. கணக்கில் 15-க்கு 6, அங்கே 9 போயிற்று. தவறிய 68-இல் 31 கேள்விகள் இந்த மூன்று இடத்தில் குவிந்திருக்கின்றன. அறிவியலுக்கும் புவியியலுக்கும் பாடத்திட்டத்தில் தலா 5 கேள்விகள்தாம். அவற்றில் மும்மூன்று ஏற்கெனவே சரி. ஐந்து வகுப்பு அறிவியல் புத்தகங்களைத் திரும்பப் புரட்டினால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு கேள்வி. ஆனால் பொதுவான அட்டவணைகளில் அறிவியலுக்கு ஒரு வாரம் முழுதாகப் போயிருக்கும். புத்தகம் தடிமனாக இருக்கிறது என்பதுதான் காரணம்.

ஆசிரியர் எழுதும் பதில் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும்.

"தம்பி, விவரமாக எழுதியதற்கு நன்றி. முதலில் விட வேண்டியதைச் சொல்கிறேன். அறிவியல், புவியியல் புத்தகங்களை இனித் தொட வேண்டாம். பழைய வினாத்தாளில் வந்த கேள்விகளை மட்டும் இரவில் பாருங்கள். இந்திய வரலாற்றில் பழங்காலமும் இடைக்காலமும் வேண்டாம், விடுதலைப் போராட்டம் மட்டும் போதும். தமிழில் கலைச்சொற்களையும் இலக்கணத்தையும் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.

காலையில் முதல் அரை மணி நேரம் கணக்கு. அடுத்த ஒரு மணி நேரம் தமிழ்நாட்டு வரலாறும் வளர்ச்சி நிர்வாகமும். இரண்டையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். இரவில் கலைச்சொற்கள், காலையில் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது, இவ்வளவுதான். வெள்ளி இரவும் சனி இரவும் விட்டுவிடுங்கள். வாரத்தில் ஏதாவது ஒரு நாள் தவறினால் அதை ஞாயிறு மாலையில் ஈடுகட்டலாம். ஞாயிறு மாலைக்கு வேறு வேலை வைக்காதீர்கள்.

முழுத் தேர்வு நாலு போதும். இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, மையத்துக்கு வந்து எழுதுங்கள். கடைசி வாரம் தேர்வு வேண்டாம்."

"இரண்டையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள்" என்று ஆசிரியர் சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும். சுருக்கமான திட்டம் நிஜமாகவே எங்கே சுருங்குகிறது என்பது அதில்தான் தெரியும். இட ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். நீதிக்கட்சி 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கமாகத் தொடங்கியது. அதன் ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928-இல் அது செயலுக்கு வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஆணை செல்லாது என்று முதலில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே 1951-இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. பின்னாளில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடாக உயர்ந்தது. அதைக் காக்க 1994-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 76-ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது.

இந்த ஒரு தொடரில் நீதிக்கட்சி தமிழ்நாட்டு வரலாற்று அலகைச் சேர்ந்தது. சட்டத் திருத்தம் இந்திய ஆட்சியியல். 69 விழுக்காடும் சமூக நீதியும் வளர்ச்சி நிர்வாகம். மூன்று புத்தகத்தில் மூன்று நாள் படித்திருந்தால், 1921-ஆ 1928-ஆ என்ற இடத்தில் மறுபடியும் குழம்புவார். ஒரே கதையாகப் படித்தால் ஆணை பிறந்தது எது, நடைமுறைக்கு வந்தது எது என்ற வரிசை தானாகவே நிற்கும். அவர் மாற்றிப் போட்ட 27 கேள்விகளுக்கு மருந்து இதுதான். குழப்பம், படிக்காததால் வருவதில்லை. ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால் வருகிறது. சுயமரியாதை இயக்கம், குடி அரசு இதழ், திராவிடர் கழகம், மதிய உணவுத் திட்டம், பெண்களுக்குச் சொத்துரிமை எல்லாவற்றையும் இப்படித் தொடராகக் கோத்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், கடைசி வாரம் அந்த ஒரு நோட்டு போதும்.

கணக்கில் பிரச்சினை வேறு. நம்மவருக்குக் கணக்கு தெரியாது என்பதில்லை. டெஸ்பாட்ச்சில் நாள் முழுக்கக் கணக்குத்தான் பார்க்கிறார். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. 8,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், அவர் இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிப்பார். இரண்டு நிமிடம் ஆகும், விடையும் சரியாகவே வரும். ஆனால் முதலாண்டு இரண்டு வட்டியும் ஒன்றுதான். இரண்டாம் ஆண்டில் கூடுவது முதலாண்டு வட்டிக்கான வட்டி மட்டுமே. முதலாண்டு வட்டி 400 ரூபாய், அதற்கு 5 விழுக்காடு 20 ரூபாய். முடிந்தது. இப்படி விழுக்காடு, விகிதம், மீ.சி.ம.–மீ.பெ.வ., தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தலைப்புகள்தாம். ஒரு வாரத்துக்கு இரண்டு தலைப்பு எடுத்தால் நாலு வாரத்தில் முடிந்துவிடும். பழைய வினாத்தாள்களிலிருந்து தலைப்புக்கு முப்பது கணக்கு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு. ஆறிலிருந்து பதினொன்றுக்குப் போவது எட்டாத இலக்கல்ல.

அவசரத்தில் போன 12 கேள்விகளுக்கு மேலும் படிப்பது எந்த உதவியும் செய்யாது. முழுத் தேர்வு எழுதுவது ஒன்றுதான் வழி. வீட்டில் படுத்துக்கொண்டு, நடுவில் காபி குடித்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்து எழுதிய மாதிரித் தேர்வின் மதிப்பெண் பொய். அந்தப் பொய்யை அனுப்பினால் அதன்மேல் போட்ட திட்டமும் வீண். கறுப்பு மை பந்துமுனைப் பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதற்கே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது, நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்றும் விடைத்தாளில் கண்ணில் படும். நம்மவர் 9 கேள்விகளுக்கு 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பியிருக்கிறார். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அப்படியிருக்க அந்த வட்டத்தை நிரப்புவதால் எந்த லாபமும் இல்லை. நாலில் ஒன்றை எடுத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாலும் சராசரியாக இரண்டு கேள்வி கிடைத்திருக்கும். ஒருபோதும் செய்யக்கூடாதது, எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடுவது. அதற்கான விதியை ஹால் டிக்கெட்டோடு வரும் அறிவுரைகளில் ஒவ்வொரு முறையும் படித்துவிட வேண்டும்.

ஒரு முழுத் தேர்வு எழுதினால் அதன் தவறுகளைப் பார்க்க இன்னொரு ஒன்றரை மணி நேரம் வேண்டும். நாலு தேர்வுக்குச் சேர்த்து 18 மணி நேரம் ஆகிவிடுகிறது. நூறில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால்தான் ஆசிரியர் நாலோடு நிறுத்தினார். வாரத்துக்கு மூன்று தேர்வு எழுதி, ஒன்றையும் திருப்பிப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு முதல் தேர்விலும் பத்தாவது தேர்விலும் அதே கேள்விகள்தாம் தவறும்.

மையம் அனுப்பிய பதில் தனக்காக எழுதியதா, பொதுவானதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எதையாவது விடச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பாடமும் இருக்கிற திட்டம் யாருக்கும் போட்ட திட்டமல்ல. பதிலாக 'கிராஷ் கோர்ஸ் சேருங்கள்' என்று வந்தால், வகுப்பு எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். காலை பத்து மணி வகுப்புக்குப் பணம் கட்டி, பதிவு செய்த காணொளியை இரவில் பார்க்கலாம் என்று நினைத்தால், அந்த முக்கால் மணி நேரமும் போய்விடும். டெஸ்ட் பேட்ச் மட்டும் தனியாகத் தருகிறார்களா என்று கேட்பது நல்லது. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் கட்டணமில்லாமல் வகுப்பு எடுக்கிறார்கள். மையத்தில் சேராதவர்களும் இதே கடிதத்தைத் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளலாம், விவரங்கள் மாறப்போவதில்லை.

கடிதம் ஒன்றோடு நிற்கக்கூடாது. மூன்றாம் வார முடிவில், இரண்டு முழுத் தேர்வு முடிந்ததும், இரண்டாவது கடிதம் போக வேண்டும். அது நாலு வரி இருந்தால் போதும். "ஐயா, கணக்கு 6-லிருந்து 9 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டு வரலாறு 9-லிருந்து 14. வளர்ச்சி நிர்வாகம் 9-லேயே நிற்கிறது. தமிழ் 78-லிருந்து 75-க்கு இறங்கிவிட்டது. என்ன செய்ய?" இங்கே இரண்டு செய்தி இருக்கிறது. வளர்ச்சி நிர்வாகம் அசையவில்லை என்றால் அதில் இவர் இழப்பது குழப்பத்தால் அல்ல, படிக்காததால். நலத்திட்டங்கள், நிதி ஆணையம், சரக்கு மற்றும் சேவை வரி போன்றவற்றில் விடையே தெரியாமல் விட்டவை எத்தனை என்று ஆசிரியர் கேட்பார். அதற்குத் தனியாக இரண்டு காலை ஒதுக்கச் சொல்வார். தமிழ் மூன்று கேள்வி இறங்கியதற்குப் பதற வேண்டியதில்லை, ஒரு வினாத்தாளுக்கும் இன்னொன்றுக்கும் அவ்வளவு வித்தியாசம் வரும். அடுத்த தேர்விலும் இறங்கினால்தான் தமிழுக்கு நேரம் கூட்ட வேண்டும்.

ஆறாவது வாரத்தில் புதிய பாடம் கிடையாது. கோத்து எழுதிய நோட்டு, கலைச்சொல் பட்டியல், நாலு தேர்விலும் தவறிய கேள்விகள், இவை மட்டும். தேர்வுக்கு முந்தைய நாள் கம்பெனியில் விடுப்பு கேட்பதாக இருந்தால், அதையும் முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துவிட வேண்டும். அந்த நாள் சம்பளம் போடும் சனிக்கிழமையாக அமைந்தால், கடைசி நேரத்தில் எந்த மேலாளரும் விட மாட்டார்.